கவுன்சலிங் அறைக்குள் முதல் நாள் என்ன நடக்கும்?

*மேடம், நான் இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். பன்னிரண்டாவது வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல், தமிழ் மீடியம். எங்க வீட்டில் காலேஜ் வந்த முதல் ஆள் நான்தான். ஹாஸ்டலில் இருக்கேன். மூணு அரியர் இருக்கு. ராத்திரி மூணு மணி வரைக்கும் புக்கைத் திறந்து வச்சு உட்கார்ந்தாலும் ஒண்ணும் ஏற மாட்டேங்குது. காலையில் முதல் பீரியட் போக முடியல. டியூட்டர் சார் "கவுன்சலிங் சென்டருக்கு ஒரு தடவை போய்ட்டு வாப்பா"ன்னு சொன்னார். அந்த ரூம் வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன். உள்ளே என்ன கேப்பாங்க? வீட்டுக்குப் போன் பண்ணிடுவாங்களா? டி.சி.யில் ஏதாவது எழுதுவாங்களா? எனக்குப் பைத்தியம் எல்லாம் இல்லையே, நான் போகணுமா? போனாலும் எப்படிப் பேச ஆரம்பிக்கிறதுன்னு தெரியல.*

*- ஒரு மாணவர், திருச்சி மாவட்டம்*

அன்புள்ள தம்பி,

நீங்கள் போகலாம், போக வேண்டும். எங்கள் அறைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் மனநோய் உள்ளவர்கள் இல்லை. தூக்கம் கெட்டவர்கள், பரீட்சை பயம் பிடித்தவர்கள், ஹாஸ்டலில் ஒட்டாதவர்கள், வீட்டுக் கவலையைச் சுமப்பவர்கள்தான் அதிகம். அரியர் வைத்துக்கொண்டு விடிய விடிய விழித்திருக்கும் ஒருவர் வந்து உட்கார்ந்தால் எந்தக் கவுன்சலரும் "நீ ஏன் வந்தாய்" என்று கேட்க மாட்டார். இது அவருக்கு அன்றாடம்.

முதலில் வீட்டுக்குச் சொல்வார்களா என்பதைப் பார்ப்போம். உங்களைத் திரும்பி வர வைத்தது அந்தப் பயமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பதினெட்டு வயது முடிந்தவர் நீங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் நீங்கள் பேசியதைப் பெற்றோரிடமோ துறைத்தலைவரிடமோ சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலின் அடிப்படை ஒழுக்கம். இதற்கு விலக்கு உண்டு, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் உயிருக்கோ வேறொருவர் உயிருக்கோ உடனடி ஆபத்து இருப்பதாகத் தெரிந்தால், பாதுகாப்புக்குத் தேவையான ஒருவரிடம் தேவையான அளவுக்கு மட்டும் சொல்லியாக வேண்டும். நீதிமன்றம் கேட்டாலும் அப்படியே. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள ஒருவர் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானது தெரியவந்தால் போக்சோ சட்டப்படி புகார் தெரிவிப்பது கட்டாயம். அரியர், தூக்கமின்மை, காதல் தோல்வி, பாதியில் படிப்பை விட்டுவிடலாமா என்ற எண்ணம் இதெல்லாம் அந்த விலக்குகளுக்குள் வராது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. மனநல மருத்துவரிடமும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டிடமும் சிகிச்சை பெறுகிறவரின் ரகசியத்தை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு காக்கிறது. கல்லூரிக் கவுன்சலர் எல்லா இடத்திலும் அந்தத் தகுதி உள்ளவராக இருப்பதில்லை. சில கல்லூரிகளில் உளவியல் முதுகலை முடித்தவர் இருப்பார், சிலவற்றில் மருத்துவச் சமூகப் பணி படித்தவர் இருப்பார், சிலவற்றில் துறை ஆசிரியர் ஒருவரே கூடுதல் பொறுப்பாக அதைப் பார்ப்பார். அவர்களுக்குச் சம்பளம் தருவதும் கல்லூரிதான். ஆகவே ரகசியம் எதுவரை என்பது அந்த மையத்தின் சம்மதப் படிவத்தில் எழுதியிருப்பதையும் அங்கே கடைப்பிடிக்கும் நடைமுறையையும் பொறுத்தது. நல்ல கவுன்சலர் இதை முதல் ஐந்து நிமிடத்தில் தானாகவே சொல்லிவிடுவார். சொல்லவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள்: "மேடம், நான் சொல்றது யாருக்கெல்லாம் போகும்? டியூட்டர் சார்தான் அனுப்பினார், அவர்கிட்ட என்ன சொல்வீங்க?" இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு கிடையாது. டியூட்டர் அனுப்பி வந்த மாணவரைப் பற்றி நாங்கள் டியூட்டருக்குத் தருவது வழக்கமாக ஒரே ஒரு தகவல்தான், வந்தார் அல்லது வரவில்லை. அதற்கு மேல் டியூட்டருக்கு ஏதாவது தெரிந்தால் உங்களுக்கு உதவும் என்று தோன்றினால், என்ன சொல்லப் போகிறோம் என்பதை உங்களிடம் முதலில் சொல்லி, நீங்கள் சரி என்ற பிறகுதான் பேச வேண்டும்.

டி.சி. பற்றிக் கவலை வேண்டாம். அதில் கவுன்சலிங் போனார் என்று எழுத ஒரு பத்தியே கிடையாது. எங்கள் குறிப்புகள் தனிக் கோப்பில் பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டியவை, துறைக் கோப்போடு சேர்பவை இல்லை. பிளேஸ்மென்ட் செல்லுக்கும் அவை போகக் கூடாது.

இனி, கேட்பது எப்படி என்பதற்கு வருவோம். வாசல் வரை போய்த் திரும்பியவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வது, நேரில் போய் நிற்பதற்கு முன்பு ஒரு செய்தி அனுப்புங்கள் என்பதுதான். நேரம் கிடைத்துவிட்டால் போவது எளிது, ஏனென்றால் அங்கே ஒருவர் உங்களுக்காகக் காத்திருக்கிறார். வரவேற்பறையில் நின்று "என்ன விஷயமா வந்தீங்க" என்று கேட்கும் ஊழியருக்குப் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. மையத்தின் எண்ணோ மின்னஞ்சலோ நோட்டீஸ் போர்டிலோ கல்லூரிக் கையேட்டிலோ இருக்கும். இப்படி எழுதினால் போதும்:

"வணக்கம் மேடம். நான் இரண்டாம் ஆண்டு மாணவன். இரண்டு மாதமாகத் தூக்கமும் படிப்பும் சரியாக இல்லை. உங்களை நேரில் பார்க்க வேண்டும். செவ்வாய், வியாழன் மாலை 3 மணிக்கு மேல் எனக்கு வகுப்பு இல்லை. எப்போது வரலாம் என்று சொல்லுங்கள்."

பெயர், துறை, போன் நம்பர் சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் எழுத வேண்டாம். சிலர் இரவு இரண்டு மணிக்கு உட்கார்ந்து முழுக்கதையையும் மின்னஞ்சலில் கொட்டிவிடுவார்கள். மையத்தின் மின்னஞ்சலை அலுவலக உதவியாளரும் திறந்து பார்க்கும் கல்லூரிகள் உண்டு. அந்தரங்கமானதை நேரில் சொல்வதற்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு விதிவிலக்கு: உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஓடிக்கொண்டிருந்தால் அதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள், அப்போது அடுத்த வாரம் வரை காக்க வைக்க மாட்டார்கள். வகுப்பு நேரத்தில்தான் இடம் கிடைக்கிறது என்றால், அட்டெண்டன்ஸுக்கு என்ன செய்வது என்று கவுன்சலரிடமே கேளுங்கள். பல கல்லூரிகளில் காரணம் எழுதாமல், "அலுவலகத்தில் இருந்தார்" என்பது போல ஒரு சீட்டு தருவார்கள்.

டியூட்டரிடம் "போய்ப் பாத்துட்டேன் சார்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என்ன பேசினோம் என்று அவர் கேட்டால் "தூக்கம் பத்திப் பேசினோம் சார்" என்பது முழுமையான பதில்.

உள்ளே போனால் என்ன நடக்கும்? பெரும்பாலும் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். முதலில் ஒரு படிவம் தருவார்கள். பெயர், துறை, அவசரத்துக்குத் தொடர்புகொள்ள ஒருவர் பெயரும் எண்ணும், ஏற்கெனவே மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா, கீழே சம்மதக் கையெழுத்து. அவசரத் தொடர்பு என்ற இடத்தில் பலர் பேனாவை நிறுத்திவிடுவார்கள். அப்பா அம்மா பெயரைத்தான் எழுத வேண்டும் என்று இல்லை. அண்ணனோ மாமாவோ ரூம்மேட்டோ, உங்களுக்கு நம்பிக்கையான யாராகவும் இருக்கலாம். எந்த நிலையில் அந்த எண்ணுக்குப் போன் போகும் என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

பிறகு சில இடங்களில் ஒரு தாளில் ஒன்பது கேள்விகள் தருவார்கள். அதற்கு பி.எச்.க்யூ-9 என்று பெயர். தமிழிலும் உண்டு, ஆங்கிலத் தாளைக் கொடுத்தால் தமிழ்த் தாளைக் கேட்டு வாங்குங்கள். கடந்த இரண்டு வாரத்தில் மனச்சோர்வு, ஆர்வமின்மை, தூக்கம், களைப்பு, பசி, கவனம், தோற்றுவிட்டோம் என்ற எண்ணம் போன்றவை எத்தனை நாள் இருந்தன என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண், மொத்தம் 27. சரி தவறு என்று இல்லை. கூட்டுத்தொகையும் நோயின் பெயர் இல்லை. எங்கே கவனிக்க வேண்டும் என்று எங்களுக்குக் காட்டுவதற்கும், ஒரு மாதம் கழித்து மறுபடி நிரப்பி ஒப்பிடுவதற்கும்தான் அது.

ஒன்பதாவது கேள்வியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செத்துப்போயிருந்தால் நன்றாக இருக்கும், அல்லது தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் வந்ததா என்று அது கேட்கும். தாள் இல்லாவிட்டால் கவுன்சலர் வாயாலேயே கேட்பார். என்னைப் பார்த்தால் அப்படியா தெரிகிறது என்று பதறாதீர்கள். வருகிற எல்லாரிடமும் கேட்கிறோம். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. இருந்தால் உள்ளபடி சொல்லுங்கள். "ஆமாம்" என்றதும் ஆம்புலன்ஸ் வந்துவிடும் என்று மாணவர்கள் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. "இதெல்லாம் இல்லாம இருந்தா நல்லாருக்கும்" என்று எப்போதாவது தோன்றுவது வேறு, எப்படி எங்கே என்று யோசித்து வைத்திருப்பது வேறு. அடுத்தடுத்த கேள்விகள் அந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளத்தான். முதல் வகைக்கு, அந்த எண்ணம் வரும்போது என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்று சேர்ந்து எழுதி வைப்போம். இரண்டாம் வகைக்கு மட்டும்தான் உங்களோடு இன்னொருவர் இருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்வோம், அப்போதும் யாரைக் கூப்பிடலாம் என்று உங்களையே கேட்போம்.

தாளை ஓரமாக வைத்துவிட்டுப் பேச்சு தொடங்கும். "சொல்லுங்க" என்றதும் தொண்டை அடைக்கிறதா, போனில் மூன்று வரி எழுதிக்கொண்டுபோய் அதை அப்படியே நீட்டுங்கள். எனக்கு என்ன நடக்கிறது, எப்போதிருந்து, எதற்காக வந்தேன், இவ்வளவுதான். நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தின் முதல் பாதியையே காட்டலாம். தமிழிலேயே பேசுங்கள். ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வந்து, மனதில் இருந்ததில் பாதியைச் சொல்லாமல் போனவர்கள் நிறைய. அழுகை வந்தால் வரட்டும், மேஜையில் டிஷ்யூப் பெட்டி அதற்காகத்தான் இருக்கிறது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாலும் பாதகமில்லை. சொல்ல விரும்பாததை "இதை இப்ப பேச வேண்டாம் மேடம்" என்று தள்ளி வைக்கலாம்.

கேட்கும் கேள்விகள் நீங்கள் நினைப்பதைவிட மிகச் சாதாரணமாக இருக்கும். சிறு வயதில் என்ன நடந்தது என்று யாரும் தோண்டத் தொடங்குவதில்லை. நான் பெரும்பாலும் "நேத்து காலையில எழுந்ததிலிருந்து சொல்லுங்க" என்றுதான் தொடங்குவேன். அந்த ஒரு நாளில் எல்லாம் வந்துவிடும். ஏனென்றால் படிப்பு ஏறவில்லை என்று வருகிற இருவருக்கு ஒரே பிரச்சினை இருப்பதில்லை. ஒருவருக்கு வகுப்பில் நடத்துவதே புரியவில்லை. இன்னொருவருக்குப் புரிகிறது, பரீட்சை அறையில் எழுத வரவில்லை. வேறொருவர் படிக்கவே உட்கார முடியாத அளவுக்குச் சோர்ந்திருக்கிறார். மூன்றுக்கும் வழி வேறு. முதல் சந்திப்பில் கவுன்சலர் செய்ய வேண்டிய முக்கிய வேலை இதைப் பிரித்துப் பார்ப்பதுதான், அறிவுரை அதற்குப் பிறகு.

ஒரு உதாரணம் சொல்கிறேன். யாருடைய அடையாளமும் தெரியாதபடி, பல மாணவர்களிடம் பார்த்ததை ஒருவராகச் சேர்த்திருக்கிறேன். மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு மாணவி, தமிழ் வழியில் படித்து வந்தவர். கணிதத்திலும் தெர்மோடைனமிக்ஸிலும் அரியர். "எனக்கு மண்டையே வேலை செய்யல மேடம்" என்று வந்தார். ஒன்பது கேள்வித் தாளில் தூக்கத்துக்கு 3, கவனத்துக்கு 3, களைப்புக்கு 2, தோற்றுவிட்டேன் என்ற எண்ணத்துக்கு 2, மனச்சோர்வுக்கும் ஆர்வமின்மைக்கும் பசிக்கும் ஒவ்வொன்று, கடைசி இரண்டுக்கும் பூஜ்யம். கூட்டினால் 13. பத்துக்கு மேல் போனால் அலட்சியப்படுத்தக் கூடாது என்பது பொது வழக்கம். ஆனால் அந்த 13இல் 8 தூக்கம், கவனம், களைப்பு ஆகிய மூன்றிலிருந்தே வந்திருப்பதைப் பாருங்கள். மூன்று மணிக்குப் படுத்து ஏழு மணிக்கு எழுகிற யாருக்கும் மற்ற இரண்டும் கெடும்.

அவருடைய நேற்றைய நாளைக் கேட்டோம். காலை முதல் வகுப்பில் தூக்கம். மதியம் ஹாஸ்டலுக்கு வந்து இரண்டு மணி நேரம் படுக்கை. மாலை லேப் ரெக்கார்டு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்பதரைக்குப் புத்தகம் திறந்தார். "அப்போ என்ன பண்ணீங்க?" என்று கேட்டேன். முதல் யூனிட்டின் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, புரியாத ஆங்கிலச் சொல்லைப் போனில் தேடி, போன் கைக்கு வந்ததும் அதில் நாற்பது நிமிடம் போய், குற்ற உணர்ச்சியில் மறுபடி முதல் பக்கம். இப்படியே மூன்று மணி. பத்தரைக்கு மேல் படித்தது எதுவும் மறுநாள் நினைவில் இல்லை என்று அவரே சொன்னார். தூங்கப் போகாததற்குக் காரணம், "படுத்தா நான் படிக்கலைன்னு ஆயிடும் மேடம்." படிப்பு நடக்காத அந்த ஐந்து மணி நேரத்தை வீட்டுக்கு அவர் செய்யும் கடமையாக நினைத்திருந்தார். குடும்பத்தில் முதலாவதாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகளிடம் இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் மனது கனக்கிறது.

அன்று நாங்கள் முடிவு செய்தது இரண்டே இரண்டு. எத்தனை மணிக்குப் படுத்தாலும் காலை ஆறரைக்கு எழுவது, மதியத் தூக்கத்தை இருபது நிமிடத்தோடு நிறுத்துவது. எழும் நேரத்தை முதலில் பிடித்தால் படுக்கும் நேரம் ஒரு வாரத்தில் தானே முன்னால் வரும், சீக்கிரம் படு என்று சொல்லித் தூக்கத்தை வரவழைக்க முடியாது. இரண்டாவது, படிப்பது எதுவானாலும் இருபத்தைந்து நிமிடம் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, நினைவில் இருப்பதை ஒரு வெள்ளைத் தாளில் தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதிப் பார்ப்பது. ஒரு வரிதான் வந்தாலும் எழுதுவது. போன் அந்த நேரம் ரூம்மேட்டின் மேஜையில். கூடவே ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்க ஹெல்த் சென்டருக்கு அனுப்பினேன். ரத்தசோகையால் வரும் களைப்பைச் சோம்பல் என்று பெயர் வைத்துத் திட்டிக்கொண்டிருக்கும் மாணவிகள் அநேகம்.

பத்து நாள் கழித்து அவர் பல்கலைக்கழகத்தில் பணம் கட்டி வாங்கியிருந்த விடைத்தாள் நகலோடு வந்தார். பகுதி அ-வில் இரண்டு மதிப்பெண் கேள்விகள் பத்து. அதில் ஆறு எழுதப்படவே இல்லை. பெரிய கணக்குகளில் கை ஓடியிருந்தது. ஆறு கேள்வி என்றால் பன்னிரண்டு மதிப்பெண், வரையறைகளை ஆங்கிலத்தில் எழுத வரவில்லை என்பதற்காகப் போனது. மண்டை வேலை செய்யவில்லை என்று வந்தவருக்கு வேலை செய்யாதது அதில் ஒரு சின்ன மூலைதான். அதன் பிறகு அவருக்குத் தேவைப்பட்டது நான் இல்லை, யூனிட்டுக்குப் பத்து வரையறைகளை எளிய ஆங்கிலத்தில் எழுதித் திருத்தித் தர ஒரு சீனியர். மாணவியின் சம்மதத்தோடு டியூட்டரிடம் இந்த ஒன்றை மட்டும் கேட்டேன், ஏற்பாடு செய்தார். அடுத்த பரீட்சையில் தெர்மோடைனமிக்ஸில் தேறினார், கணிதத்தில் தேறவில்லை, அதை அதற்கடுத்த முறை முடித்தார். நீங்களும் உங்கள் விடைத்தாள் நகலை வாங்கிப் பாருங்கள். முடிவு வந்து சில நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டியது அது, ஆகவே அடுத்த முடிவு வரும்போது தேதியைத் தவற விடாதீர்கள்.

உங்கள் நிலை இதேதானா என்று எனக்குத் தெரியாது. உங்களோடு எதிரே உட்கார்ந்து நேற்றைய நாளைக் கேட்கிறவருக்குத்தான் அது தெரியும்.

கவுன்சலரால் முடியாதவற்றையும் தெரிந்துகொண்டு போங்கள், ஏமாற்றம் குறையும். உள்மதிப்பீட்டு மதிப்பெண்ணை அவர் மாற்ற முடியாது. 75 சதவீத வருகைக்குக் குறைவாக இருந்தால் அதை நிரப்பவும் முடியாது. மருத்துவக் காரணம் இருந்தால் எந்தச் சான்றிதழ், எந்தத் தேதிக்குள், யாரிடம் என்று வழி சொல்லலாம். மருந்து எழுதும் அதிகாரம் மருத்துவருக்குத்தான், கவுன்சலருக்கு இல்லை. சோர்வு நாளின் பெரும்பகுதி, பல வாரம் நீடித்தாலோ, சாப்பாடு தூக்கம் இரண்டும் விழுந்துவிட்டாலோ கவுன்சலர் உங்களை மனநல மருத்துவரிடம் அனுப்புவார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் புறநோயாளியாகச் செலவில்லாமல் பார்க்கலாம். அனுப்பினால் நிலைமை முற்றிவிட்டது என்று எண்ண வேண்டாம். காய்ச்சலோடு வருகிறவரை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவது போலத்தான் இதுவும்.

முதல் சந்திப்பு நன்றாகப் போனதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மனம் லேசாகிவிட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். பேசிவிட்டு வந்த அன்று மாலை பலருக்கு அசதியாக இருக்கும், சிலருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டோமே என்று கூச்சமாக இருக்கும். அது மறுநாள் போய்விடும். நான் பார்ப்பது வேறு. வெளியே வரும்போது, அடுத்த சந்திப்புக்கு வரும்வரை செய்து பார்க்க ஒரு சிறிய வேலை உங்கள் கையில் இருக்கிறதா? அடுத்த தேதி குறித்தாயிற்றா? நீங்கள் பேசிய நேரம் அவர் பேசிய நேரத்தைவிட அதிகமா? மூன்றும் இருந்தால் சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறீர்கள்.

எல்லா இடத்திலும் இப்படி இருக்கும் என்று நான் உறுதி கொடுக்க முடியாது. "அப்பா அம்மா எவ்ளோ கஷ்டப்பட்டுப் படிக்க வைக்கிறாங்க தெரியுமா" என்று தொடங்கி அரை மணி நேரம் அறிவுரை சொல்லி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, நடுவில் வருகிறவர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்பவர்களும் இருக்கிறார்கள். இது கவுன்சலிங் இல்லை. கதவு திறந்திருந்தால் "மேடம், கதவைச் சாத்திக்கலாமா?" என்று கேளுங்கள். கவுன்சலராக இருப்பவரே உங்களுக்குப் பாடம் நடத்தி இன்டெர்னல் மதிப்பெண் போடுகிற ஆசிரியராக இருந்தால், "சார், உங்ககிட்ட நான் கிளாஸிலயும் இருக்கேன், வேற யார்கிட்டயாவது பேச முடியுமா?" என்று கேட்பது உங்கள் உரிமை. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. ஆகவே வேறொருவரைக் கேட்பதில் தயங்க ஒன்றுமில்லை. இரண்டு சந்திப்புக்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால் ஆளை மாற்றலாம், கவுன்சலிங்கையே விட்டுவிட வேண்டாம்.

நேரம் கிடைக்க ஒரு வாரம் ஆகிறது, அதற்குள் ஓர் இரவு தாங்க முடியவில்லை என்றால் 14416 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை, இருபத்துநான்கு மணி நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். சென்னையில் இருக்கும் சிநேகா அமைப்பின் 044-24640050 எண்ணும் உண்டு. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் நிலைக்கு மனம் போனால் போனோடு நிறுத்தாதீர்கள். பக்கத்து அறை நண்பனை எழுப்புங்கள், வார்டனைக் கூப்பிடச் சொல்லுங்கள், அருகில் உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அம்மாவிடம் எப்போது சொல்வது என்பதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அந்த யோசனை உங்களுக்குள் ஓடும். முதல் சந்திப்புக்கு முன்பே சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. மூன்று அரியர் என்பது அவருக்குத் தெரியுமா, தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள் என்பதைக் கவுன்சலரிடம் சொல்லுங்கள். சில மாணவர்கள் அந்த அறையிலேயே, கவுன்சலர் பக்கத்தில் இருக்க, வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். சிலர் என்ன வார்த்தையில் சொல்வது என்று எழுதிப் பார்த்துவிட்டு ஊருக்குப் போய்ச் சொன்னார்கள். இரண்டும் நடக்கக் கூடியதுதான், எப்போது என்பதை நீங்கள் முடிவு செய்யலாம்.

அந்தச் செய்தியை இன்றைக்கே அனுப்பிவிடுங்கள். இரண்டு வேலை நாளில் பதில் வரவில்லை என்றால் டியூட்டர் சாரிடம், "சார், டைம் வாங்கித் தர முடியுமா?" என்று கேளுங்கள். போகச் சொன்னவர் அவர்தான், வாங்கித் தருவார்.